பெயரை மாற்றினால் படம் மாறுமா? விண்ணப்பத்தில் போட்டோ ஏறாமல் போவது ஏன்?

2020 மே மாதம். கொரோனா ஊரடங்கால் அமெரிக்காவில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்துக்கான மதிப்பெண்ணை ஈட்டித் தரும் 'ஏபி' தேர்வுகளை, அவற்றை நடத்தும் காலேஜ் போர்டு அந்த ஆண்டு மாணவர்களின் வீட்டுக்கே அனுப்பியது. பல பாடங்களுக்குத் தேர்வு நேரம் 45 நிமிடம்தான். தாளில் விடை எழுதி, செல்போனில் போட்டோ எடுத்து, தேர்வுத் தளத்தில் அப்லோடு செய்ய வேண்டும். அப்லோடு செய்வதற்கென்று கடைசி ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள்.

விடை எழுதி முடித்த மாணவர்கள் சிலருக்குப் படம் ஏறவே இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஐபோன். போட்டோ தெளிவாக இருந்தது, இன்டர்நெட்டும் இருந்தது. ஆனாலும் தளம் படத்தை வாங்கிக்கொள்ளவில்லை, கடிகாரம் மட்டும் ஓடியது. நேரம் முடிந்ததும் தேர்வும் போயிற்று. ஜூன் மாதம் மறுபடி எழுதுங்கள் என்று சொல்லப்பட்டது.

காரணம் மிகச் சின்னது. தேர்வுத் தளம் .jpg, .jpeg, .png என்ற மூன்று வகைப் படங்களை மட்டுமே ஏற்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள், தாமாக வேறு எதையும் மாற்றாவிட்டால், 'ஹெய்க்' என்ற புதிய வகையில் படத்தைச் சேமிக்கின்றன. ஜேபெக் எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஏறக்குறைய பாதியிலேயே அதே தரத்தில் படத்தை அடக்கிவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. போனில் இடம் மிச்சமானது, தேர்வு கைநழுவியது. பிரச்னை பெரிதானதும், இரண்டாவது வாரத்தில் தேர்வு எழுதியவர்களுக்கு, தளத்தில் ஏறாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று மாற்றுவழி கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் அன்று நடந்தது, நம் ஊரில் விண்ணப்பத்தின் கடைசித் தேதி தோறும் சிறிய அளவில் நடக்கிறது. வங்கித் தேர்வுக்கோ அரசுத் தேர்வுக்கோ விண்ணப்பிப்பவர்கள், பெயர், முகவரி, சாதிச் சான்றிதழ் எண் எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, கடைசியில் போட்டோவும் கையெழுத்தும் ஏறாமல் இரவு பதினொரு மணிக்குத் திண்டாடுகிறார்கள். படம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் ஏறவில்லை?

பெயர் வேறு, உள்ளே இருப்பது வேறு

போனில் நாம் பார்ப்பது படம். ஆனால் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது எண்களின் வரிசை. அந்த எண்களை எந்த முறையில் அடுக்கி வைப்பது என்பதற்குப் பல வழிகள் உண்டு. ஜேபெக், பிஎன்ஜி, ஹெய்க், வெப்பி எல்லாம் அப்படிப்பட்ட அடுக்கும் முறைகள்தாம். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் .jpg, .png போன்றவை, டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதற்காக ஒட்டியது. சர்க்கரை டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டினால் சர்க்கரை உப்பாகிவிடாது.

இந்தத் தவறைத்தான் பலர் செய்கிறார்கள். தளம் .jpg கேட்கிறது, கையில் இருப்பது .heic. 'ரீநேம்' செய்து .heic என்பதை அழித்துவிட்டு .jpg என்று போட்டுவிடுகிறார்கள். சீட்டுதான் மாறியது. உள்ளே ஹெய்க் அப்படியே இருக்கிறது.

சில தளங்கள் சீட்டை மட்டும் பார்த்து உள்ளே விட்டுவிடும். இது நல்லது போலத் தோன்றினாலும், உண்மையில் இதுதான் அதிக ஆபத்து. விண்ணப்பம் 'வெற்றிகரமாக' முடிந்துவிடும். பிறகு ஹால் டிக்கெட்டில் போட்டோ இருக்க வேண்டிய இடம் வெறும் கட்டமாக இருக்கும். கொஞ்சம் கவனமாக எழுதப்பட்ட தளங்கள் டப்பாவைத் திறந்தே பார்த்துவிடும். ஒவ்வொரு வகைப் படத்துக்கும் ஃபைலின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் படம் எதுவானாலும் FF D8 FF என்றுதான் தொடங்கும். பிஎன்ஜி படத்தின் தொடக்கத்தில் PNG என்ற மூன்று எழுத்துகளே பதிந்திருக்கும். பெயரில் .jpg என்று இருந்து உள்ளே அந்த அடையாளம் இல்லையென்றால், தளம் அங்கேயே திருப்பி அனுப்பிவிடும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. .jpg, .jpeg இரண்டும் ஒன்றேதான். பழைய டாஸ் காலத்துக் கணினிகளில் புள்ளிக்குப் பிறகு மூன்று எழுத்துக்கு மேல் வைக்க முடியாது என்பதால் ஓர் எழுத்தைக் குறைத்தார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. விண்டோஸ் கணினியில் இணையத்திலிருந்து படத்தைச் சேமிக்கும்போது சில சமயம் வந்து குழப்பும் .jfif என்பதும் ஜேபெக்தான். தளம் .jpg மட்டும் கேட்டு, கையில் .jpeg அல்லது .jfif இருந்தால், அங்கே மட்டும் பெயரை மாற்றினால் போதும். வேறு எதற்கும் பெயர் மாற்றம் பலிக்காது, படத்தையே மாற்ற வேண்டும்.

ஏன் எல்லோரும் ஜேபெக்கையே கேட்கிறார்கள்?

ஜேபெக் 1992-ல் தரநிலையாக அறிவிக்கப்பட்டது. முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. கேமரா, பிரின்டர், பழைய கணினி, புதிய போன் என்று அதைப் படிக்கத் தெரியாத கருவியே இல்லை எனலாம். அதனால்தான் எந்த அப்லோடு பக்கமும் முதலில் அதைத்தான் எழுதி வைக்கும். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவமும் ஜேபெக் படம்தான் கேட்கிறது, சதுர வடிவில், 240 கேபிக்கு மிகாமல்.

ஜேபெக் செய்யும் வேலை சுவாரசியமானது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைத் தள்ளிவிட்டு, முக்கியமானதை மட்டும் எழுதி வைக்கிறது. தள்ளியது திரும்பி வராது. முகம், வானம், புடவை மடிப்பு போன்ற மெல்ல மெல்ல நிறம் மாறும் காட்சிகளில் இந்த இழப்பு தெரிவதே இல்லை. கறுப்பு எழுத்து, கூர்மையான கோடு இருக்கும் இடங்களில் மட்டும் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல மங்கல் புள்ளிகள் தெரியும். ஒரே படத்தைத் திறந்து திருத்தி மறுபடி மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

பிஎன்ஜி 1996-ல் வந்தது. அதுவரை புழங்கிய ஜிஃப் வகையின் பின்னால் இருந்த காப்புரிமைக்குப் பணம் கேட்கத் தொடங்கியதும், அதற்கு மாற்றாக இலவசமாகவே ஒன்றைச் செய்தார்கள் சில கணினி நிபுணர்கள். இது எதையும் தள்ளாது. 'அடுத்த நூறு புள்ளியும் வெள்ளை' என்கிற மாதிரி சுருக்கி எழுதும், திறந்தால் ஒரு புள்ளி விடாமல் திரும்பக் கொடுக்கும். ஸ்கிரீன்ஷாட், லோகோ, எழுத்து நிறைந்த படம் இவற்றுக்கு அருமை. முகத்தைப் படம் எடுத்து பிஎன்ஜியாக வைத்தால், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள்கூட ஒன்றாக இருக்காது என்பதால், சுருக்க வழியின்றி ஃபைல் வீங்கிவிடும்.

பொதுவாகச் சொன்னால், ஜேபெக்கை ஏற்காத அப்லோடு பக்கம் அநேகமாகக் கிடையாது. பிஎன்ஜியைப் பல இடங்களில் ஏற்பார்கள், தேர்வு விண்ணப்பங்களில் பெரும்பாலும் மாட்டார்கள். இணையதளங்களிலிருந்து எடுக்கும் படங்களில் அடிக்கடி எதிர்ப்படும் வெப்பி வகையைச் சமூக ஊடகங்கள் ஏற்கும், விண்ணப்பப் படிவங்கள் அரிதாகவே ஏற்கும். ஹெய்க்கை விண்ணப்பத்துக்கு நம்பவே வேண்டாம்.

இருநூறுக்கு இருநூற்று முப்பது

வகை சரியாக இருந்தும் படம் ஏறாமல் போவதற்கு அடுத்த காரணம் அளவு. வங்கி எழுத்தர், அதிகாரி தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வோம். பாஸ்போர்ட் அளவுப் போட்டோ ஜேபெக்காக இருக்க வேண்டும். அகலம் 200, உயரம் 230 புள்ளிகள் இருந்தால் நல்லது. ஃபைல் 20 கேபிக்குக் குறையாமல் 50 கேபிக்கு மிகாமல் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு 140-க்கு 60 புள்ளிகள், 10 முதல் 20 கேபி வரை.

இப்போது ஒரு சாதாரண ஸ்மார்ட்போனில் எடுத்த போட்டோவைப் பார்ப்போம். நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் 3000-க்கு 4000 புள்ளிகள், மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம். ஃபைல் மூன்று, நான்கு எம்பி இருக்கும். இதை 50 கேபிக்குள் கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். கூகுளில் தேடி ஒரு 'கம்ப்ரஸ்' தளத்தைப் பிடித்து, '50 கேபி' என்று போட்டு அழுத்திவிடுகிறார்கள். தளம் புள்ளிகளைக் குறைக்காமல் தரத்தை மட்டும் நசுக்கினால் என்ன ஆகும்? அந்தப் படத்தில் எட்டுக்கு எட்டு கட்டங்கள் 1,87,500 இருக்கின்றன. 50 கேபியை அத்தனை கட்டத்துக்கும் பங்கிட்டால், ஒரு கட்டத்துக்குக் கால் பைட்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஓர் எழுத்தைக்கூட எழுத முடியாத இடம் அது. முகம் சதுரம் சதுரமாக உடைந்து, கண்ணும் புருவமும் கரைந்துபோகும்.

அதையே 200-க்கு 230 ஆகச் சிறிதாக்கினால் கட்டங்கள் 725 மட்டும். அதே 50 கேபியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுபது பைட் கிடைக்கும். தாராளம். முகம் பளிச்சென்று இருக்கும், ஃபைலும் வரம்புக்குள் நிற்கும். ஆக, முதலில் குறைக்க வேண்டியது புள்ளிகளை, தரத்தை அல்ல.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. போன் படத்தின் நீள அகல விகிதம் மூன்றுக்கு நான்கு. விண்ணப்பம் கேட்பதோ இருபதுக்கு இருபத்து மூன்று, அதாவது கொஞ்சம் குட்டையான படம். அப்படியே 200, 230 என்று எண்ணைத் திணித்தால் முகம் அமுங்கிப்போய் அகலமாகத் தெரியும். எனவே முதலில் முகத்தையும் தோளையும் சுற்றி, உதாரணமாக 2000-க்கு 2300 என்ற அளவில் வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அதைச் சரியாகப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 200-க்கு 230 வந்துவிடும். ஜேபெக்காக நல்ல தரத்தில் சேமித்தால் ஃபைல் பெரும்பாலும் வரம்புக்குள் வந்து விழும்.

இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் இருக்கும் பெயின்ட்டிலேயே Resize அழுத்தி, Pixels என்பதைத் தேர்ந்து எண்ணைக் கொடுத்து, 'சேவ் ஆஸ்' போய் JPEG என்று சேமிக்கலாம். பல சாம்சங் போன்களில் கேலரியின் எடிட் பகுதியிலேயே வெட்டவும் அளவைக் குறைக்கவும் வழி இருக்கிறது.

கையெழுத்து 'போதவில்லை' என்றால்

போட்டோவைவிட அதிகம் அலைக்கழிப்பது கையெழுத்துதான். இதில் வரும் சிக்கல் நேர் எதிரானது. ஃபைல் பெரிதாக இருக்கிறது என்றல்ல, சிறிதாக இருக்கிறது என்று தளம் திருப்பி அனுப்பும்.

140-க்கு 60 என்றால் மொத்தமே 8,400 புள்ளிகள். ஒன்றையும் சுருக்காமல் அப்படியே எழுதினால்கூட 25 கேபிக்கு மேல் போகாது. அதில் பெரும்பகுதி வெறும் வெள்ளைத் தாள். ஜேபெக்காகச் சுருக்கினால் நான்கைந்து கேபிதான் வரும். தளமோ குறைந்தது 10 கேபி கேட்கிறது. அறிவிப்பில் சொன்ன அளவை அப்படியே கடைப்பிடித்தவருக்குத்தான் இந்தக் கதி!

அறிவிப்பை நிதானமாகப் படித்தால் விடை அங்கேயே இருக்கிறது. புள்ளி அளவுக்குப் பக்கத்தில் 'இப்படி இருந்தால் நல்லது' என்ற பொருளில்தான் போட்டிருப்பார்கள். கேபி வரம்புதான் கண்டிப்பானது. எனவே கையெழுத்தை அதே விகிதத்தில் மூன்று மடங்காக, 420-க்கு 180 என்று வைத்துச் சேமித்துப் பார்க்கலாம். இன்னும் குறைவாக இருந்தால் கொஞ்சம் கூட்டலாம், 20-ஐத் தாண்டினால் கொஞ்சம் குறைக்கலாம். இரண்டு, மூன்று முயற்சியில் சரியாகிவிடும். புள்ளி அளவையும் கட்டாயம் என்று குறிப்பிடும் அறிவிப்புகள் வேறு இடங்களில் உண்டு. அங்கே புள்ளியைத் தொடாமல், ஜேபெக்கின் தர அளவை உச்சத்துக்கு ஏற்றித்தான் கேபியைக் கூட்ட வேண்டும்.

கையெழுத்தில் இன்னொரு கூத்தும் நடக்கும். செயலி ஒன்றில் விரலால் கையெழுத்துப் போட்டோ, பின்னணியை நீக்கியோ பிஎன்ஜியாகச் சேமித்திருப்பார்கள். பிஎன்ஜியில் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் பின்னணி வைக்க முடியும், ஜேபெக்கில் முடியாது. மாற்றும்போது அந்தக் கண்ணாடிப் பகுதியைச் சில செயலிகள் கறுப்பாக நிரப்பிவிடும். கறுப்பின் மேல் கறுப்புக் கையெழுத்து, எதுவுமே தெரியாது. தேர்வு விண்ணப்பத்துக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கையெழுத்திட்டு, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் படம் எடுப்பதே சிறந்தது. அதைத்தான் அறிவிப்பும் கேட்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

ஐபோனில் Settings > Camera > Formats போய் Most Compatible என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே சேமிக்கப்படும். 'அதன்பின்' என்பதுதான் முக்கியம். ஏற்கெனவே எடுத்தவை ஹெய்க்காகவே இருக்கும். அவற்றுக்கு, படத்தை Files செயலியில் சேமித்து, அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து, Quick Actions > Convert Image என்று போனால் JPEG ஆக மாற்றிக்கொள்ளலாம். ஐஓஎஸ் 16-லிருந்து இந்த வசதி இருக்கிறது.

ஐபோனிலிருந்தே நேராக அப்லோடு செய்யும்போது, படத் தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்தால் போனே பெரும்பாலும் ஜேபெக்காக மாற்றிக் கொடுத்துவிடும். அதே படத்தை Files வழியாகவோ கணினிக்கு மாற்றியோ ஏற்றினால் அப்படியே ஹெய்க்காகப் போகலாம். 'நேற்று ஏறியது, இன்று ஏறவில்லை' என்பதற்குப் பின்னால் பல சமயம் இதுதான் இருக்கும். ஆண்ட்ராய்டிலும் சில போன்களில் கேமரா அமைப்புகளில் High efficiency என்ற பெயரில் இதே வகை ஒளிந்திருக்கும். அது 'ஆன்' ஆகியிருந்தால் அணைத்துவிடலாம்.

வாட்ஸ்அப் வழியாகப் படத்தை பிரவுசிங் சென்டருக்கு அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சிறிதாக்கி ஜேபெக்காகவே அனுப்பும். 200-க்கு 230 கேட்கும் விண்ணப்பத்துக்கு அது போதும். ஆனால் ஏற்கெனவே சரியான அளவில் தயார் செய்த படத்தை அப்படி அனுப்பினால் மறுபடி சுருங்கித் தேயும். அதை 'டாக்குமென்ட்' ஆக அனுப்ப வேண்டும், அப்போது ஒரு புள்ளி மாறாமல் போய்ச் சேரும்.

முன்பின் தெரியாத இலவச மாற்றுத் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல, படத்தைத் தம் சர்வருக்கு வாங்கிக்கொண்டுதான் மாற்றித் தருகின்றன. பூனைப் படமென்றால் பரவாயில்லை. ஒருவருடைய முகமும் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் ஒரே நாளில் ஒரே தளத்துக்குப் போவதென்றால், போனிலும் கணினியிலும் ஏற்கெனவே இருக்கும் வசதியைக் கொண்டு பத்து நிமிடம் செலவழிப்பது மேல்.

எல்லாம் ஏறியதும் தளம் 'பிரிவியூ' காட்டும். பலரும் அதைப் பார்க்காமலே கட்டணத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். போட்டோ இருக்கும் இடத்தில் போட்டோவும், கையெழுத்து இருக்கும் இடத்தில் கையெழுத்தும்தான் இருக்கிறதா? இடம் மாறி ஏற்றுவது சாதாரணமாக நடக்கும். முகம் தெளிவாக இருக்கிறதா? படம் நிமிர்ந்து நிற்கிறதா? போன் சில சமயம் படத்தைப் படுக்கையாகச் சேமித்து, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் உள்ளே எழுதி வைக்கும். கேலரி அந்தக் குறிப்பைப் படித்து நிமிர்த்திக் காட்டும், எல்லாத் தளங்களும் அதைப் படிப்பதில்லை. முகம் பக்கவாட்டில் படுத்திருந்தால், படத்தை எடிட் பகுதியில் திறந்து, நிமிர்ந்த நிலையில் ஓரத்தைச் சிறிது வெட்டிப் புதிதாகச் சேமித்து மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். கட்டணம் கட்டிய பிறகு என்றால், திருத்தத்துக்கு எப்போது அவகாசம் கொடுப்பார்கள் என்று அறிவிப்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.